வயிற்று நீரில் தொற்று, சிறுநீரகத்துக்கு ஆபத்து

சிரோசிஸ் நோயில் வயிற்றில் தேங்கும் நீருக்குள், குடலில் ஓட்டை எதுவும் இல்லாமலே கிருமிகள் புகுந்துவிடும். காய்ச்சலோ வலியோ இன்றி, வெறும் மனக்குழப்பமாகவும் அது வெளிப்படலாம். ஊசியால் நீரெடுத்துப் பார்த்தால்தான் உறுதியாகத் தெரியும். ஒரு கன மில்லிமீட்டரில் நியூட்ரோஃபில் அணுக்கள் 250-ஐ எட்டினால், கல்ச்சர் முடிவுக்குக் காத்திராமல் செஃபோடாக்சிம் போன்ற மருந்தைத் தொடங்குவார்கள். மருத்துவமனையில் பிடித்த தொற்றென்றால் இன்னும் வலுவான மருந்து தேவைப்படலாம்.

கிருமி அழிந்த பிறகும் சிறுநீரகம் செயலிழந்து பலர் இறந்தார்கள். 1999-இல் வெளியான ஸ்பெயின் ஆய்வில், செஃபோடாக்சிமுடன் ஆல்புமினும் ஏற்றப்பட்டவர்களில் 10 சதவீதத்தினருக்கே சிறுநீரகம் பாதித்தது. ஏற்றப்படாதவர்களில் 33 சதவீதம். 60 கிலோ எடையுள்ளவருக்கு முதல் நாள் 90 கிராம், மூன்றாம் நாள் 60 கிராம். விலை அதிகம்தான், ஆனாலும் இங்கே சிக்கனம் பார்க்கக் கூடாது.

பிழைத்தவருக்குத் தொற்று திரும்ப வருவது சகஜம். தினமும் 400 மில்லிகிராம் நார்ஃப்ளாக்சசின் அந்த வாய்ப்பைக் குறைக்கும். நாளடைவில் அதற்கு அடங்காத கிருமிகளும் தலைதூக்கும்.