சில்லின் மேல் எழுதியிருப்பது என்ன?

என் அக்காள் மகன் படிவம் நான்கில் படிக்கிறான். பழைய பாகங்களை ஒவ்வொன்றாக வாங்கிச் சொந்தமாக ஒரு கணினியைப் பொருத்தி வந்தான். பெட்டி, தாய்ப்பலகை, செயலி எல்லாம் சேர்ந்துவிட்டன. மீதம் இருந்தது வரைகலை அட்டை மட்டுமே. விளையாட்டுகளையும் காணொளித் தொகுப்பையும் தடங்கலின்றித் திரையில் காட்ட உதவும் பாகம் அது. நோன்புப் பெருநாள் விடுமுறையில் ஓர் உணவகத்தில் வேலை செய்து அவன் சேர்த்த 250 ரிங்கிட் அதற்காகவே எடுத்து வைக்கப்பட்டிருந்தது.

ஒருநாள் மாலை அவன் என் கைப்பேசிக்கு மூன்று படங்களை அனுப்பினான். இணையத்தில் ஒருவர் விற்பனைக்கு வைத்திருந்த அட்டையின் படங்கள் அவை. அட்டையின் மேல் ஒட்டியிருந்த வில்லையில் GTX 1050 Ti, 4GB என்று பளிச்சென எழுதியிருந்தது. கணினித் திரையிலும் அதே பெயர் தெரிந்ததை விற்பவர் படம் பிடித்திருந்தார். “மாமா, விலை 230தான். நாளைக்கே போய் வாங்கிக்கொள்ளட்டுமா?” என்று கேட்டான்.

“இரு, முதலில் படங்களைப் பெரிதாக்கிப் பார்க்கிறேன்” என்றேன்.

ஒரு வரைகலை அட்டையின் பெயரை நாம் மூன்று இடங்களில் காண்கிறோம். ஒன்று, அட்டையில் ஒட்டியுள்ள வில்லை. இதை எந்த அச்சுக்கடையிலும் அடித்துக்கொள்ளலாம். இரண்டாவது, கணினித் திரை. இதை நம்பலாம் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். ஆனால், திரையில் தெரியும் பெயர் அட்டைக்குள் இருக்கும் பயாஸ் என்ற சிறிய நிரலிலிருந்து வருகிறது. அந்த நிரலை மாற்றி எழுதினால் பழைய அட்டையும் புதிய அட்டையின் பெயரையே சொல்லும். தனக்கு இல்லாத நினைவகத்தையும் இருப்பதாகச் சொல்லும். மூன்றாவது இடம், சில்லின் மேற்பரப்பு. அங்கே தொழிற்சாலையிலேயே எழுத்துகளைப் பொறித்துவிடுகிறார்கள். அவற்றை மாற்றுவது எளிதன்று. ஏமாற்றுபவர்கள் பெரும்பாலும் அங்கே கை வைப்பதும் இல்லை; ஏனென்றால், அந்த இடம் குளிர்விப்பானுக்கு அடியில் மறைந்திருக்கிறது.

அவன் அனுப்பிய முதல் படத்திலேயே எனக்கு ஓர் ஐயம் எழுந்தது. அது அட்டையின் பின் தகட்டைக் காட்டும் படம். திரையோடு இணைக்கும் கம்பிகளைச் செருகும் வாய்கள் அந்தத் தகட்டில்தான் வரிசையாக இருக்கும். அங்கே நீல நிறத்தில், மூன்று வரிசைகளில் பதினைந்து துளைகள் கொண்ட வி.ஜி.ஏ. செருகுவாய் ஒன்று இருந்தது. பள்ளியில் உள்ள பழைய ஒளிப்படக் காட்டிகளில் நீங்கள் பார்த்திருப்பீர்களே, அதே வகைதான்.

GTX 1050 Ti என்பது என்விடியா நிறுவனம் 2016ஆம் ஆண்டு அக்டோபரில் வெளியிட்ட அட்டை. அது பாஸ்கல் என்ற சில்லுக் குடும்பத்தைச் சேர்ந்தது. வி.ஜி.ஏ. கம்பிக்குத் தேவையான பழைய வகை மின்குறிகையை அனுப்பும் பகுதி அந்தக் குடும்பத்துச் சில்லுகளில் இல்லை. அப்படியிருக்க, அந்தப் பெயர் கொண்ட அட்டையில் நீல நிறச் செருகுவாய் எப்படி வந்தது? தனியாக ஒரு மாற்றியைப் பொருத்தி யாரேனும் அதைச் செய்திருக்கலாம் என்பதையும் நாம் மறந்துவிடக் கூடாது. ஆகவே, இதை எச்சரிக்கை மணியாக எடுத்துக்கொண்டேனே தவிர, தீர்ப்பாக எடுத்துக்கொள்ளவில்லை.

அதே அட்டையில் ஆறு முனைகள் கொண்ட கூடுதல் மின்செருகியும் இருந்தது. GTX 1050 Ti 75 வாட் மின்சாரத்திலேயே இயங்கும்; தாய்ப்பலகையே அதைக் கொடுத்துவிடும். ஆயினும், உண்மையான அட்டைகள் சிலவற்றிலும் இந்தச் செருகி உண்டு. எனவே, அதை வைத்து எதையும் முடிவு செய்ய இயலவில்லை.

“விற்பவரிடம் இன்னும் இரண்டு படங்கள் கேள்” என்று அவனிடம் சொன்னேன். அட்டையின் பின்புறமும், குளிர்விப்பானின் ஓரமாகத் தெரியும் சிறு சிறு கறுப்புச் சில்லுகளும் எனக்குத் தேவைப்பட்டன. அவைதான் நினைவகச் சில்லுகள். அவற்றின் எழுத்துகளைப் படிக்கக் குளிர்விப்பானைக் கழற்ற வேண்டியதில்லை.

முதலில் வந்த படங்கள் பயன்படவில்லை. விற்பவர் கைப்பேசியின் ஒளிவிளக்கைப் போட்டு, அட்டையை ஒட்டினாற்போல் வைத்துப் படம் எடுத்திருந்தார். சில்லுகள் வெள்ளைத் திட்டுகளாகத் தெரிந்தன, எழுத்தே இல்லை. பொறித்த எழுத்துகள் மிகவும் மங்கலானவை. நேராக ஒளி விழுந்தால் அவை மறைந்துவிடும். ஒளிவிளக்கை அணைத்துவிட்டு, மேசை விளக்கைப் பக்கவாட்டில் தாழ்வாக வைக்க வேண்டும். கைப்பேசியை ஒரு சாண் தூரம் தள்ளிப் பிடித்து, படத்தைப் பெரிதாக்கி எடுக்க வேண்டும். அட்டையைச் சற்றுச் சாய்த்துச் சாய்த்து நான்கைந்து படங்கள் எடுத்தால் ஏதாவது ஒன்றில் எழுத்து தெளிவாக விழும். என் அக்காள் மகன் இதையெல்லாம் பணிவாக எழுதி அனுப்பினான். விற்பவரும் பொறுமையானவர்தான்; மறுபடியும் எடுத்து அனுப்பினார்.

இப்போது எழுத்து தெரிந்தது: K4G10325FE. இத்தகைய குறியீட்டைப் படிக்கும்போது 8ஐ B என்றும், 0ஐ O என்றும், 1ஐ I என்றும் தவறாகப் படித்துவிடுவது வழக்கம். அதனால் ஒரே எழுத்துகள் உள்ள இரண்டு மூன்று சில்லுகளை ஒப்பிட்டுப் பார்த்த பிறகே அதை உறுதி செய்துகொண்டோம்.

K4G என்று தொடங்குவது சாம்சுங் நிறுவனம் வரைகலை அட்டைகளுக்காகச் செய்த நினைவகம். அதை அடுத்து வரும் இரண்டு இலக்கங்கள் கொள்ளளவைக் குறிக்கும். இங்கே அது 10. அதாவது, ஒரு சில்லுக்கு 1 கிகாபிட். எட்டு பிட் சேர்ந்தால்தான் ஒரு பைட் என்பது உங்களுக்குத் தெரியும். ஆகவே, ஒரு சில்லில் அடங்குவது 128 மெகாபைட். அட்டையின் முன்புறம் நான்கு சில்லுகளும் பின்புறம் நான்கு சில்லுகளும் இருந்தன. மொத்தம் எட்டு.

“எட்டு நூற்று இருபத்தெட்டு எவ்வளவு?” என்று கேட்டேன்.

“1024. அப்படியென்றால் 1 கிகாபைட்தானே, மாமா? நான்கு என்று எழுதியிருக்கிறதே!”

உண்மையான அட்டையில் சாம்சுங் நினைவகம் இருந்தால் K4G80325FB என்ற குறியீட்டைக் காணலாம். அங்கே இலக்கங்கள் 80. ஒரு சில்லுக்கு 8 கிகாபிட், அதாவது 1 கிகாபைட். நான்கு சில்லுகளிலேயே 4 கிகாபைட் நிறைந்துவிடும். வேறு நிறுவனங்களின் நினைவகம் என்றால் குறியீடு மாறும். கணக்கிடும் முறை மாறாது.

நினைவகம் பொய் என்பது தெரிந்துவிட்டது. அட்டை உண்மையில் எது என்பது இன்னும் தெரியவில்லை. அதைச் சொல்லக்கூடியது நடுவில் உள்ள பெரிய சில்லு மட்டுமே. பொதுவாக, விற்பவர்கள் குளிர்விப்பானைக் கழற்ற ஒப்புக்கொள்ள மாட்டார்கள். அவர்களைக் குறை சொல்லவும் முடியாது. கழற்றினால் வெப்பப் பசையைத் துடைத்துவிட்டுப் புதிதாகத் தடவ வேண்டும். ஆனால், இந்தக் கணக்கைக் கேட்டதும் அந்த விற்பனையாளரே கலங்கிப் போனார். அவரும் அதை வேறொருவரிடம் வாங்கியவர்தான். அன்றிரவே நான்கு திருகுகளைக் கழற்றி, பசையைத் துடைத்து, சில்லைப் படம் எடுத்து அனுப்பினார்.

கண்ணாடி போல் மின்னிய சில்லின் மேல் இரண்டு செய்திகள் இருந்தன. ஒரு வரியில் TAIWAN என்ற சொல்லை அடுத்து 1043A1 என்று இருந்தது. இதில் முதல் இரண்டு இலக்கங்கள் ஆண்டு, அடுத்த இரண்டு வாரம். 2010ஆம் ஆண்டின் 43ஆவது வாரத்தில் செய்த சில்லு அது. 2016இல் வெளிவந்த அட்டைக்கு ஆறு ஆண்டுகளுக்கு முன்பே செய்த சில்லு எப்படி இருக்கும்? இந்த ஒரு வரியே போதும் என்றாலும், கடைசி வரியையும் படித்தோம்: GF106-250-KA-A1.

என்விடியா தன் சில்லுக் குடும்பங்களுக்கு அறிவியலாளர்களின் பெயர்களைச் சூட்டுகிறது. G என்ற எழுத்தை அடுத்து வரும் எழுத்து அந்தக் குடும்பத்தைக் காட்டும். P என்றால் பாஸ்கல். F என்றால் அதற்கு முந்திய காலத்து ஃபெர்மி. உண்மையான GTX 1050 Tiயின் சில்லில் GP107-400-A1 என்று இருக்கும். நடுவில் உள்ள எண்ணும் முக்கியம். அது 400க்குப் பதிலாக 300 என்றிருந்தால், அதே குடும்பத்தில் ஒரு படி குறைந்த GTX 1050 ஆகிவிடும்.

எங்கள் கையில் கிடைத்த GF106-250 என்பது 2010ஆம் ஆண்டு செப்டம்பரில் வெளிவந்த GTS 450 என்ற அட்டையின் சில்லு. அதில் கணக்குப் போடும் உட்கூறுகள் 192 மட்டுமே. GTX 1050 Tiயில் 768. அதைவிடத் தொல்லையானது நினைவகம். தன்னிடம் 4 கிகாபைட் இருப்பதாக அட்டை சொல்வதை விளையாட்டு நம்பிவிடும். அதனால் 1 கிகாபைட்டைத் தாண்டியும் தரவுகளை அனுப்பும். அப்போது திரையில் கோடுகள் விழலாம். கணினி அப்படியே உறைந்தும் போகலாம். முகப்புத் திரையைப் பார்க்கும் வரையில் எல்லாம் சரியாகவே தோன்றும். விற்பவர் அனுப்பிய திரைப்படம் அப்படிப்பட்டதுதான்.

சில்லைப் பார்க்கவே வழியில்லை என்றால் GPU-Z என்ற இலவச மென்பொருளை ஓட்டிக் காட்டச் சொல்லலாம். அது பயாஸ் சொல்லும் பெயரோடு நிற்காமல் சில்லையும் சோதிக்கிறது. 2018இல் வெளிவந்த பதிப்பு முதல், இவ்வாறு பெயர் மாற்றிய பழைய என்விடியா அட்டைகளைக் கண்டால் பெயருக்கு முன்னால் [FAKE] என்று காட்டுகிறது. ஆனால், அந்தத் திரையைப் படமாக அனுப்பினால் அது இந்த அட்டையினுடையதுதானா என்று நமக்குத் தெரியாது. நேரில் சென்று நம் கண் முன்னே ஓட்டச் சொல்வதே நல்லது. போக முடியாவிட்டால், அன்றைய தேதியைத் தாளில் எழுதி, ஓடும் கணினிக்குள் இருக்கும் அட்டையின் அருகே வைத்து, திரையும் அட்டையும் ஒரே படத்தில் விழும்படி எடுக்கச் சொல்லலாம்.

அந்த விற்பனையாளர் விளம்பரத்தை அன்றே நீக்கிவிட்டார். இரண்டு வாரங்களுக்குப் பிறகு என் அக்காள் மகன் வேறொருவரிடம் 240 ரிங்கிட்டுக்கு ஓர் அட்டையைக் கண்டுபிடித்தான். பின் தகட்டில் நீல நிறச் செருகுவாய் இல்லை. இம்முறை அவனே நேரில் போய், கையோடு கொண்டு சென்ற சிறு விளக்கைச் சாய்த்துப் பிடித்து, குளிர்விப்பானின் ஓரத்தில் தெரிந்த எழுத்துகளைப் படம் எடுத்து எனக்கு அனுப்பினான். நான் பெரிதாக்கிப் பார்ப்பதற்குள் அடுத்த செய்தி வந்துவிட்டது: “80 என்று இருக்கிறது மாமா. நான்கு சில்லு. GPU-Zயும் GP107 என்கிறது. வாங்கிவிட்டேன்.”