சந்தா புதுப்பிப்பு தவறும்போது

மாதம் 299 ரூபாய் சந்தா. அட்டை மார்ச்சோடு காலாவதியாகிறது. ஏப்ரல் 5 அன்று பணம் எடுக்கும் முயற்சி தோற்கிறது. புது அட்டை கையில் இருந்தாலும் பணம் தானாகப் போய்விடாது. ரிசர்வ் வங்கியின் விதிகளால் 2022 அக்டோபர் முதல் நிறுவனங்கள் அட்டை எண்ணைச் சேமித்து வைக்க முடியாது. மாற்றுக் குறியீடு ஒன்றையே வைத்திருக்கின்றன. தானியங்கிக் கட்டணத்துக்கான ஒப்புதலும் பழைய அட்டையின் பேரிலேயே இருக்கும்.

இதைத் தெரிவிக்கும் கடிதம் எந்தச் சேவை, எவ்வளவு தொகை, அட்டையின் கடைசி நான்கு எண்கள், சேவை நிற்கும் தேதி ஆகியவற்றை முதல் வரிகளிலேயே சொல்ல வேண்டும். "கணக்கில் சிக்கல்" என்று மொட்டையாக எழுதினால் மோசடிக் கடிதம் என்றே வாசகர் ஒதுக்குவார், அது நியாயமும்கூட. காரணத்தை வங்கி தெரிவிக்காவிட்டால், இருப்பு இல்லை என்று ஊகித்து எழுதக் கூடாது.

சந்தாதாரர் கடிதத்தின் இணைப்பைத் தொடாமல் செயலியை நேரடியாகத் திறப்பதே பாதுகாப்பு. கட்டணப் பகுதியில் புது அட்டையைச் சேர்த்து, வங்கி அனுப்பும் ஓடிபியால் ஒப்புதல் தர வேண்டும். அதன் பிறகு, 15,000 ரூபாய் வரையிலான வழக்கமான சந்தாக்களுக்கு மாதந்தோறும் ஓடிபி தேவையில்லை. 24 மணி நேரம் முன்பே அறிவிப்பு வரும்.

பலர் இங்கேயே நிறுத்திவிடுகிறார்கள். அட்டையைச் சேர்த்ததும் நிலுவைத் தொகை எல்லாச் சேவைகளிலும் தானாகப் போவதில்லை. சிலவற்றில் மறுமுயற்சிப் பொத்தானை அழுத்த வேண்டும். ரசீதும் அடுத்த புதுப்பிப்புத் தேதியும் தெரிந்தால்தான் பணம் சேர்ந்ததாகப் பொருள்.