1.5% தானே... 30 வருஷத்துல 47 லட்சம்! இண்டெக்ஸ் ஃபண்டா, ஆக்டிவ் ஃபண்டா?

அம்பத்தூர் எஸ்டேட்ல வேலை பார்த்து, மாசாமாசம் பி.எஃப். பிடித்தம் போகிற பலருக்கும் ஒரு விஷயம் தெரியாது. அந்தப் பணத்தில் ஒரு சிறு பகுதி ஏற்கெனவே பங்குச்சந்தையில் இருக்கிறது. பி.எஃப். நிறுவனம் 2015 ஆகஸ்ட்டில் பங்குச்சந்தைக்குள் முதன்முறையாக அடியெடுத்து வைத்தது. அப்போது அது 'இந்தப் பங்கு ஏறும், அந்தப் பங்கு இறங்கும்' என்று கணிக்க யாரையும் அமர்த்தவில்லை. நிஃப்டி, சென்செக்ஸ் குறியீடுகளை அப்படியே பின்தொடரும் இ.டி.எஃப்.களில் போட்டது. (லாபம் நமக்கு நேரடியாக வராது, அறிவிக்கப்படும் வட்டிதான் வரும் என்பது வேறு கதை.)

இண்டெக்ஸ் ஃபண்டும் அதே வேலையைத்தான் செய்கிறது. நிஃப்டியில் உள்ள 50 நிறுவனங்களை, அதே விகிதத்தில் வாங்கி வைத்துக்கொள்கிறது. ஆக்டிவ் ஃபண்டில், எதை வாங்குவது, எதை விற்பது என்று ஃபண்ட் மேனேஜரும் அவருடைய ஆய்வுக் குழுவும் முடிவெடுப்பார்கள். அந்த உழைப்புக்கு ஒரு விலை உண்டு. அதுதான் எக்ஸ்பென்ஸ் ரேஷியோ, அதாவது ஆண்டுச் செலவு விகிதம்.

இதுக்குத் தனியா பில் வராது. ஆண்டுச் செலவை 365ஆகப் பிரித்து, தினமும் ஃபண்டின் சொத்திலிருந்து கழித்த பிறகுதான் என்.ஏ.வி. வெளியாகும். 10 லட்சம் ரூபாய் இருக்கும் ஃபண்டில் செலவு 1.7% என்றால் நாளுக்குச் சுமார் 47 ரூபாய். ஃபண்ட் நஷ்டத்தில் ஓடினாலும் இந்தப் பிடித்தம் நிற்காது.

பட்டரவாக்கத்தில் 25 வயதில் வேலைக்குச் சேர்ந்த ஒருவர், மாசம் 5,000 ரூபாய் எஸ்.ஐ.பி. போடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். செலவுக்கு முன் இரண்டு ஃபண்டும் ஆண்டுக்கு 12% தருவதாக ஒரு அனுமானம். சந்தை இப்படி நேர்கோட்டில் போகாது, கணக்குக்காக மட்டும். இண்டெக்ஸ் ஃபண்டின் செலவு 0.2%, ஆக்டிவ் ஃபண்டின் ரெகுலர் பிளானில் 1.7%.

பத்து வருஷம் கழித்துப் பார்த்தால், 11.5 லட்சம், 10.5 லட்சம். வித்தியாசம் ஒரு லட்சம்தான், பெரிசா தோணாது. 20 வருஷத்தில் அது கிட்டத்தட்ட 9 லட்சமாகிறது. 30 வருஷம் முடியும்போது இண்டெக்ஸ் ஃபண்டில் 1.69 கோடி, ஆக்டிவ் ஃபண்டில் 1.22 கோடி. இடைவெளி 47 லட்சம். அவர் தன் பாக்கெட்டிலிருந்து போட்ட மொத்தப் பணமே 18 லட்சம்தான்! செலவாகப் போன ஒவ்வொரு ரூபாயும், பிறகு குட்டி போட்டிருக்க வேண்டிய ரூபாய். அதனால்தான் கடைசிப் பத்து வருஷத்தில் இடைவெளி இப்படி எகிறுகிறது.

ஆனால் இந்த 47 லட்சத்தையும் ஃபண்ட் மேனேஜர் தலையில் கட்டுவது நியாயமில்லை. ரெகுலர் பிளானில், விற்றுக்கொடுத்தவருக்கான கமிஷனும் சேர்ந்திருக்கிறது. அது இல்லாத டைரக்ட் பிளான் 2013 ஜனவரி முதல் எல்லா ஃபண்டிலும் உண்டு. அதே ஆக்டிவ் ஃபண்டின் டைரக்ட் பிளான் 0.9% என்றால், 30 வருஷத்தில் 1.45 கோடி வரும். அதாவது இடைவெளியில் பாதி, கமிஷனால் வந்தது. ஆகவே ஒப்பிடும்போது டைரக்டை டைரக்டோடுதான் ஒப்பிட வேண்டும்.

'நல்ல மேனேஜர் அந்தச் செலவைத் தாண்டி சம்பாதிச்சுக் கொடுக்க மாட்டாரா?' கொடுக்கலாம். ஆனால் லார்ஜ் கேப் ஃபண்ட், செபி விதிப்படி, 80 சதவீதத்தையாவது முதல் 100 பெரிய நிறுவனங்களில் போட்டாக வேண்டும். எல்லாரும் அலசி முடித்த அதே நிறுவனங்களில், செலவையும் மீறி வருஷா வருஷம் ஜெயிப்பது கஷ்டம். மிட் கேப், ஸ்மால் கேப்பில் மேனேஜருக்குக் கொஞ்சம் கூடுதல் இடம் உண்டு. அங்கே ஆக்டிவ் ஃபண்டை ஒரேயடியாக ஒதுக்கிவிட முடியாது.

இண்டெக்ஸ் ஃபண்ட் பாதுகாப்பானது என்றும் நினைத்துவிட வேண்டாம். 2020 ஜனவரி உச்சத்திலிருந்து மார்ச்சுக்குள் நிஃப்டி மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் சரிந்தது. இண்டெக்ஸ் ஃபண்டும் கூடவே சரிந்தது. வாங்கும்முன் செலவு விகிதத்தோடு 'டிராக்கிங் டிஃபரன்ஸ்' பார்க்க வேண்டும். குறியீட்டின் வருமானத்துக்கும் ஃபண்டின் வருமானத்துக்கும் உள்ள இடைவெளி அது. ஒப்பிடும் குறியீடு டிவிடெண்டையும் சேர்த்த டி.ஆர்.ஐ. ஆக இருக்க வேண்டும்.

ஏற்கெனவே ரெகுலர் பிளானில் இருப்பவர்கள் மொத்தமாக மாற்றினால், அது விற்றதாகத்தான் கணக்கு. எக்ஸிட் லோடு இருக்கலாம். ஒரு வருஷத்துக்கு மேல் வைத்திருந்த பங்குசார் ஃபண்டுகளில், ஒரு நிதியாண்டின் லாபம் 1.25 லட்சத்தைத் தாண்டினால் தாண்டிய தொகைக்கு 12.5% வரி. அதனால் பலர் பழைய யூனிட்களை அப்படியே விட்டுவிட்டு, அடுத்த மாச எஸ்.ஐ.பி.யை மட்டும் புது ஃபண்டுக்கு மாற்றுகிறார்கள்.