8 எழுத்து சரி... ஆனாலும் ஸ்லோகம் ஏன் இடிக்குது? தமிழில் ‘அனுஷ்டுப்’ எழுதுவது எப்படி?

பகவத் கீதையின் பெரும்பகுதியும், வெங்கடேச சுப்ரபாதத்தின் முதல் ஸ்லோகமும் ஒரே அளவில் அமைந்தவை. அந்த அளவுக்கு அனுஷ்டுப் என்று பெயர். நான்கு வரி, வரிக்கு 8 எழுத்து, மொத்தம் 32. இதே அளவில் தமிழிலும் எழுதலாம். புள்ளி வைத்த எழுத்தைக் கணக்கில் சேர்க்கக் கூடாது, அவ்வளவுதான். ‘வானம்’ என்பது வா, னம் என இரண்டு.

‘8 வந்தாச்சே, முடிஞ்சுது’ என்று நினைத்தால் அங்கேதான் மாட்டிக்கொள்வீர்கள். எழுத்தில் லகு, குரு என இரண்டு வகை உண்டு. குறில் தனியாக நின்றால் லகு. நெடிலும், அடுத்துப் புள்ளி எழுத்து வரும் குறிலும் குரு. நான்கு வரியிலும் 5-வது எழுத்து லகு, 6-வது குரு. 7-வது மட்டும் மாறும்: 1, 3-ம் வரிகளில் குரு, 2, 4-ம் வரிகளில் லகு. கடைசி எழுத்து எதுவானாலும் ஓகே. முதல் நான்கில் ஓரளவு சுதந்திரம் உண்டு.

ஓர் உதாரணம். இரண்டாம் வரியாக ‘வானமெங்கும் சிவப்பாகும்’ என்று எழுதுகிறோம். வா-ன-மெங்-கும்-சி-வப்-பா-கும். எண்ணிக்கை கரெக்ட். 5-ல் ‘சி’ லகு, 6-ல் ‘வப்’ குரு. ஆனால் 7-ல் ‘பா’ நெடில், அதாவது குரு. இரண்டாம் வரியில் அங்கே லகு வேண்டும். ‘சிவந்திடும்’ என்று மாற்றினால் 7-ல் ‘தி’ வந்து சரியாகிவிடும். முழுப் பாடல் இப்படி வரும்:

மாலை நேரம் வரும் போது
வானமெங்கும் சிவந்திடும்
பேருந்துக்குள் இடம் தேடி
ஊரே நின்று தவித்திடும்

இன்னொரு சிக்கல், கண்ணுக்குத் தெரியாதது. முதல் வரியில் ‘வரும் போது’ என்பதை ‘வரும் ஓசை’ என்று மாற்றிப் பாருங்கள். எழுதும்போது ‘ரும்’ குருதான். சேர்த்துச் சொன்னால் ‘வருமோசை’ ஆகிவிடும். ‘ம்’ அடுத்த எழுத்தோடு ஒட்டிக்கொள்ள, ‘ரு’ வெறும் லகு. எண்ணிக்கை அதே 8, ஓசை மட்டும் அவுட்! மூன்றாம் வரியில் ‘குள் இடம்’ கூட ‘குளிடம்’ என்று ஒட்டும்தான். ஆனால் அது 4-வது இடம் என்பதால் பாதிப்பில்லை. எனவே சொற்களைப் பிரித்து எண்ணாமல், ஒரே மூச்சில் சொல்லி எண்ணுவதே பாதுகாப்பு.

‘ஐ’யும் கொஞ்சம் வம்பு பிடித்தது. வடமொழிக் கணக்கில் அது குரு. தமிழ்ப் பேச்சிலோ ‘மழை’யின் ‘ழை’ குறுகித்தான் ஒலிக்கும். அதை 5, 6, 7-வது இடங்களில் வைக்காமல், ‘மாலை’யில் இருப்பதுபோல வரியின் தொடக்கத்திலேயே வைத்துவிடுவது நல்லது.

எழுதியதைச் சோதிக்க, சுப்ரபாதத்தின் அந்த முதல் ஸ்லோக மெட்டிலேயே பாடிப் பார்க்கலாம். நாக்கு எங்கே தடுக்குகிறதோ, அங்கே 5 முதல் 7 வரையுள்ள எழுத்துகளை முதலில் பாருங்கள்.