நிக்கல் சுவரும் நியூட்ரானும்

நியூட்ரானுக்கு மின்னூட்டம் கிடையாது. ஆனாலும் மிக மெதுவாக வரும் நியூட்ரானை நிக்கல் உலோகம் எளிதில் உள்ளே விடுவதில்லை. உலோகத்தின் அணுக்கருக்கள் எல்லாம் சேர்ந்து அதன் முன் ஓர் ஆற்றல் படியாக நிற்கின்றன. படியின் உயரம் சுமார் 250 நானோ எலக்ட்ரான் வோல்ட். நொடிக்கு ஏறக்குறைய 7 மீட்டர் வேகத்தில் செல்லும் நியூட்ரானிடம் இருக்கும் ஆற்றல் அவ்வளவுதான்.

நொடிக்கு 8 மீட்டர் வேகத்தில் ஒரு நியூட்ரான் தடித்த நிக்கல் கட்டியின்மீது நேராக வந்து விழுவதாகக் கொள்வோம். ஆற்றல் வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. 64 பங்கு ஆற்றலில் படி ஏற 48 பங்கு செலவாகும், 16 மிஞ்சும். ஆகவே உள்ளே வேகம் 4 மீட்டர். நியூட்டன் விதிப்படி இப்படி வரும் நியூட்ரான்கள் அனைத்தும் உள்ளே போய்விட வேண்டும். உண்மையில் ஒன்பதில் ஒன்று திரும்பிவிடுகிறது.

காரணம், நியூட்ரான் ஓர் அலையும்கூட. வெளியே அதன் அலைநீளம் சுமார் 50 நானோமீட்டர். வேகம் பாதியாகும் உள்ளே 100. படியின் விளிம்பில் இருபக்க அலைகளின் உயரமும் சரிவும் பிசிறில்லாமல் பொருந்த வேண்டும். வரும் அலையையும் உள்ளே போகும் அலையையும் மட்டும் கொண்டு இரண்டையும் ஒருசேரப் பொருத்த முடியாது. அதனால் திரும்பும் அலை ஒன்றும் எழுந்தே தீரும். திரும்பும் நிகழ்தகவைக் கணக்கிடும் வழி இது:

R = ((v₁ − v₂) / (v₁ + v₂))²

நம் எண்களை இட்டால் (4/12)², அதாவது 1/9. கடக்கும் நிகழ்தகவு 8/9.

மாணவர்கள் வழுக்கும் இடம் ஒன்று உண்டு. வரும் அலையின் வீச்சு 1 என்றால், திரும்பும் வீச்சு 1/3, உள்ளே போகும் வீச்சு 4/3. வர்க்கங்களைக் கூட்டினால் 17/9 வருகிறது. நிகழ்தகவு ஒன்றைத் தாண்டக் கூடாதே! வீச்சின் வர்க்கம் காட்டுவது நெருக்கத்தை மட்டுமே. வேகம் குறையும் சாலையில் வண்டிகள் நெருங்குவதுபோல, உள்ளே நியூட்ரான்கள் நெருங்குகின்றன. அந்த 16/9-ஐ வேக விகிதமான 4/8-ஆல் பெருக்கினால் 8/9 கிடைத்து, கணக்கு நேராகிவிடும்.

உள்ளிருந்து வெளியே வரும் நியூட்ரான் படியில் இறங்குகிறது. அங்கும் அதே 1/9 திரும்புகிறது. சூத்திரத்தில் v₁, v₂ இடம் மாறினாலும் விடை மாறாது. ஆனால் படி செங்குத்தாக இருக்க வேண்டும். அலைநீளத்தைவிட வெகு நீளமான சரிவாக அது இருந்தால், திரும்புவது அநேகமாக மறைந்துவிடும்.

வேகம் 7 மீட்டருக்குக் கீழே போனால் கதை வேறு. அலை பத்துப் பதினைந்து நானோமீட்டர் ஆழத்துக்குள் தேய்ந்து, அநேகமாக முழுவதும் திரும்பிவிடும்; அணுக்கருக்கள் விழுங்கும் பங்கு மிகச் சிறிது. இதனால்தான் இத்தகைய நியூட்ரான்களை உலோகக் கலங்களில் அடைத்துவைக்க முடிகிறது. தனித்த நியூட்ரான் சராசரியாகச் சுமார் 880 நொடிகளே வாழ்கிறது என்பதை அளந்து சொன்ன சோதனைகள் பல, இப்படி அடைத்துவைத்த நியூட்ரான்களை எண்ணியே நடந்தன.