அணைத்து வைத்த போனில் தெரியும் செய்தி

சினிமாவிலும் சீரியலிலும் ஒருவர் கையில் இருக்கும் போனில் வரும் செய்தியை நாம் எழுத்துக் கூட்டாமல் படித்துவிடுகிறோம். அதே போனை நாமே வீடியோ எடுத்தால் திரை வெளுத்து, கோடுகோடாகத் தெரிகிறது. கேமராவின் தரம் இதற்கு முதல் காரணம் அல்ல. பல படங்களில் அந்தப் போன் படப்பிடிப்பு நேரத்தில் எரியவே இல்லை. திரையில் நாம் படித்த செய்தி பிறகு கம்ப்யூட்டரில் ஒட்டப்பட்டது.

எரியும் திரையைப் படம் எடுப்பதில் இரண்டு சிக்கல்கள் உண்டு. பல போன் திரைகள், வெளிச்சத்தைக் குறைக்க வேண்டுமானால் நம் கண்ணுக்குத் தெரியாத வேகத்தில் அணைந்து அணைந்து எரியும். நொடிக்கு 24 படம் எடுக்கும் கேமரா அந்த அணைப்பைப் பிடித்துவிடுவதால் குறுக்கே பட்டைகள் ஓடும். இன்னொன்று வெளிச்ச அளவு. பகல் வெளிச்சத்தில் நடிகையின் முகத்துக்குச் சரியாகக் கேமராவை வைத்தால் போன் திரை இருண்டு போகும். இருட்டறையில் அதே திரை வெள்ளையாகப் பொங்கிவிடும். இரண்டையும் ஒரே ஷாட்டில் சமாளிப்பதைவிட, திரையைப் பிறகு மாற்றிக்கொள்வது எளிது.

மாற்றுவதற்கு நான்கு மூலைகள் போதும். அதனால்தான் இதற்குக் கார்னர் பின் என்று பெயர். ஒவ்வொரு மூலைக்கும் இடவலமாக ஓர் எண், மேல்கீழாக ஓர் எண் என்று மொத்தம் 8 எண்கள். ஒரு தட்டையான பரப்பு எவ்வளவு சாய்ந்தாலும், திரும்பினாலும், தள்ளிப் போனாலும் அது கேமராவுக்கு எப்படித் தெரியும் என்பதை இந்த 8 எண்களே முழுசாகச் சொல்லிவிடும். மூன்று மூலைகளை மட்டும் வைத்தால் படத்தைச் சாய்க்கலாம், சுருக்கலாம்; ஆனால் தூரத்து விளிம்பு சிறுத்துத் தெரிவது வராது. அந்த மூலைகளை ஒவ்வொரு ஃப்ரேமிலும் தொடர்ந்து பிடிப்பதுதான் டிராக்கிங்.

ஒரு ஷாட்டை எடுத்துக்கொள்வோம். பகல் நேரம், ஜன்னலோரம் ஒரு பெண். கையில் போன். கேமராவும் கையில்தான், எனவே லேசான ஆட்டம். நான்கு நொடி, அதாவது 96 ஃப்ரேம். நடுவில் அவள் கட்டைவிரல் வலது கீழ் மூலையை மறைத்தபடி மேலே நகர்ந்து திரையைத் தள்ளுகிறது. "பஸ் ஏறிட்டேன்" என்ற அம்மாவின் செய்தி தெரிய வேண்டும்.

நான்கு மூலைகளையும் நான்கு புள்ளிகளாகப் பிடிக்கும் பழைய முறை இங்கே உதவாது. விரல் மறைத்த நொடியே அந்த மூலையின் புள்ளி விரலோடு ஒட்டிக்கொண்டு ஓடிவிடும். அதனால் பரப்பையே பிடிக்கும் பிளேனர் டிராக்கர் வேண்டும். ஆஃப்டர் எஃபெக்ட்ஸோடு வரும் மோக்கா அப்படிப்பட்டது. 2013-இல் ஆஸ்கர் அகாடமி வழங்கிய அறிவியல், தொழில்நுட்ப விருதைப் பெற்ற மென்பொருள் அது. ஒரு மூலை மறைந்தாலும், ஃப்ரேமுக்கு வெளியே போனாலும், மிச்சமுள்ள பரப்பிலிருந்து அந்த மூலை எங்கே இருக்கும் என்று கணக்கிட்டுவிடும்.

ஆனால் அணைந்த போனில் ஒரு பொறி இருக்கிறது. கறுப்புக் கண்ணாடிக்குள் ஜன்னலின் பிம்பம் விழுந்திருக்கும். போன் நகரும்போது அந்தப் பிம்பம் போனோடு சேர்ந்து நகராது, தன் வழியில் நழுவும். திரையைச் சுற்றிக் கோடு வரைந்து அப்படியே டிராக் செய்தால், மென்பொருள் பிம்பத்தைத்தான் பின்தொடரும். எனவே போனின் வெளி விளிம்பைச் சுற்றி ஒரு வடிவம் வரைந்து, உள்ளே கண்ணாடிப் பகுதியை வெட்டி எடுத்துவிட வேண்டும். சட்டம் மட்டும் மிஞ்சும். விரலுக்குத் தனியாக ஒரு வடிவம் வரைந்து மேல் அடுக்கில் வைத்தால், அது மறைக்கும் இடத்தை டிராக்கர் ஒதுக்கிவிடும். பிறகு Perspective பெட்டியில் டிக் போட்டு ஓட்டலாம்.

டிராக் வழுக்குகிறதா என்று பார்க்க, உண்மையான படத்துக்குப் பதிலாக முதலில் ஒரு கட்டம் போட்ட படத்தை ஒட்டிப் பெரிதாக்கி ஓட்டிப் பாருங்கள். போன் நிற்கும்போதும் கட்டம் அசைந்தால் வழுக்கல். மூலைகள் பொருந்தியும் விளிம்பின் நடுவில் இடைவெளி தெரிந்தால் அது டிராக்கின் குற்றம் அல்ல. லென்ஸ் நேர்கோட்டை வளைத்திருக்கிறது. அந்த வளைவை நிமிர்த்திவிட்டு வேலை செய்து, கடைசியில் திரும்ப வளைக்க வேண்டும்.

அடுத்து, புதிதாகச் செய்பவர்கள் அடிக்கடி சிக்கும் இடம். செய்திப் படம் 1080×2400 அளவில் நெட்டையாக இருக்கிறது, ஷாட் 1920×1080. மோக்கா தரும் மூலை எண்கள் ஷாட்டின் அளவை வைத்துக் கணக்கிட்டவை. நெட்டைப் படத்தில் நேரே ஒட்டினால் அது எங்கோ போய் விழும். முதலில் படத்தை 1920×1080 முழுக்க நிரம்பும்படி இழுத்து, தனிக் காம்ப்பாக மடித்துக்கொள்ள வேண்டும். எழுத்து அகலமாகப் பிதுங்கித் தெரியும். கவலை வேண்டாம், நான்கு மூலைகளில் பொருத்தியதும் போனின் வடிவத்துக்கே திரும்பிவிடும்.

இவ்வளவு செய்தபின் செய்தி போனோடு சேர்ந்து நகர்கிறது, ஆனாலும் தாளில் அச்சடித்து ஒட்டியதுபோல் இருக்கிறது. என்னைக் கேட்டால் உண்மையான வேலை இங்கேதான் தொடங்குகிறது. திரை என்பது கண்ணாடி. அதற்குள்ளிருந்து வரும் ஒளியின் மேல், வெளியிலிருந்து விழும் ஒளியும் சேர்ந்துதான் கண்ணுக்கு வருகிறது. போனை அணைத்து எடுத்ததன் பலன் இதுதான்: கறுப்புக் கண்ணாடியில் ஜன்னல் பிம்பமும் விரல் ரேகை அழுக்கும் மட்டும் தனியாகப் பதிவாகியிருக்கின்றன. அந்த அசல் ஷாட்டையே இன்னொரு பிரதி எடுத்து, செய்தியின் மேல் Screen கலவையில் வைத்தால் கறுப்பு மறைந்து, பிம்பம் மட்டும் செய்தியின் மேல் மிதக்கும். பச்சைத் திரையோடு எடுத்திருந்தால் பிம்பம் பச்சையில் மூழ்கியிருக்கும். விரல் நுனியிலும் பச்சை படிந்து, அதைக் கழுவும் வேலையும் சேர்ந்திருக்கும். ஆகவே பகல் காட்சிகளுக்கு நான் அணைந்த போனையே கேட்பேன்.

Screen கலவையில் கட்டைவிரல் மட்டும் பேய்போல ஊடுருவித் தெரியும். அதனால் விரலை ஃப்ரேம் ஃப்ரேமாக மாஸ்க் வெட்டி, எல்லாவற்றுக்கும் மேல் வைக்க வேண்டும். விரல் வேகமாக நகரும் ஃப்ரேமில் அதன் ஓரம் கலங்கியிருக்கும்; மாஸ்க்கின் ஓரமும் அங்கே கலங்க வேண்டும். போனின் ஆட்டத்துக்கும் இதே விதி. சாதாரண கார்னர் பின் ஏற்றுமதியில் அசைவுக் கலங்கல் வராது. மோக்காவில் அதைத் தாங்கும் தனி வகை ஒன்று உண்டு, அதைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

கடைசியாக வெளிச்சம். செய்தியின் பின்னணி வெள்ளையை அந்தப் பெண்ணின் வெள்ளைத் துப்பட்டாவோடு ஒப்பிட்டுப் பார்த்துக் குறையுங்கள். ஓரத்தை ஒரு பிக்சல் அளவுக்கு மென்மையாக்கி, ஷாட்டில் இருக்கும் அதே துகள் இரைச்சலைச் செய்தியின் மேலும் தூவுங்கள்.

இரவுக் காட்சியில் இந்த வழி கைகொடுக்காது. இருட்டில் போன் பார்ப்பவரின் முகத்தில் திரையின் ஒளி விழ வேண்டும். அணைந்த போன் அதைத் தராது. அங்கே மங்கிய நீலச் சாம்பல் நிறப் படம் ஒன்றைச் சில சிலுவைக் குறிகளோடு திரையில் எரியவிட்டு எடுப்பது நல்லது. குறிகள் டிராக்கருக்கு உதவும், புதிய செய்தி அவற்றை மூடிவிடும். பிம்பத்தைப் பிரித்தெடுக்க முடியாதுதான், ஆனால் இருட்டறையில் கண்ணாடியில் பிம்பம் குறைவாகவே விழுகிறது. முகத்து ஒளியைப் பிறகு ஃப்ரேம் ஃப்ரேமாக வரைந்து சேர்ப்பதோடு ஒப்பிட்டால் அந்த இழப்பு சின்னது.