சராசரி எடுத்த பின் மிஞ்சுவது

10 செ.மீ. விட்டமுள்ள வழவழப்பான குழாய் ஒன்று. நீளம் 100 மீட்டர். அதில் தண்ணீர் நொடிக்கு 1 மீட்டர் வேகத்தில் ஓட வேண்டும். தண்ணீர் அடுக்கடுக்காக, ஒழுங்காக வழுக்கிச் செல்கிறது என்று கொண்டு அதன் பாகுநிலையை மட்டும் வைத்துக் கணக்கிட்டால், உராய்வை வெல்ல இரண்டு முனைகளுக்கும் இடையே 3 செ.மீ. நீர்மட்ட வித்தியாசம் போதும் என்று வருகிறது. உண்மையில் 90 செ.மீ. தேவைப்படுகிறது. ஏறத்தாழ 28 மடங்கு! குழாய் மாறவில்லை, தண்ணீரும் மாறவில்லை. ஓட்டம் மட்டும் கொந்தளிப்பாக மாறியிருக்கிறது. அப்படியானால் இந்த 28 மடங்கு இழுவை இயக்கச் சமன்பாட்டில் எந்த இடத்தில் உட்கார்ந்திருக்கிறது?

இந்தக் கேள்விக்கு வழி காட்டியவர் ஆஸ்போர்ன் ரெனால்ட்ஸ். 1842இல் பெல்ஃபாஸ்டில் பிறந்து, மான்செஸ்டரில் பொறியியல் பேராசிரியராக வாழ்ந்தவர். கண்ணாடிக் குழாயில் சாயம் விட்டு, ஓட்டம் எப்போது கலங்குகிறது என்று 1883இல் அவர் காட்டிய சோதனையைப் பலரும் அறிவார்கள். 1895இல் அவர் எழுதிய கட்டுரை அவ்வளவு பரவலாகத் தெரியாது. என் கணிப்பில் அதுதான் இன்னும் ஆழமானது. கலங்கிய ஓட்டத்தின் ஒவ்வொரு சுழலையும் பின்தொடர முடியாது என்பதை ஏற்றுக்கொண்டு, திசைவேகத்தை இரண்டாகப் பிரித்தார்: சராசரி ஒரு பங்கு, அதிலிருந்து ஏறி இறங்கும் விலகல் இன்னொரு பங்கு.

நம் குழாயிலேயே பார்ப்போம். சுவருக்கும் மையத்துக்கும் நடுவில், சுவரிலிருந்து 2.5 செ.மீ. தள்ளி ஒரு புள்ளியை எடுத்துக்கொள்வோம். அங்கே குழாயின் நீளவாக்கில் உள்ள திசைவேகம் u. சுவரிலிருந்து மையத்தை நோக்கிய குறுக்குத் திசைவேகம் v. ஒரு கருவியை வைத்து அளந்தால் u ஒரே எண்ணில் நிற்காது. நொடிக்கு 109 செ.மீ. என்ற மதிப்பைச் சுற்றி ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும். நெடுநேரச் சராசரியை U என்றும் மீதியை u′ என்றும் எழுதினால்,

u = U + u′,  v = V + v′

குழாயில் தண்ணீர் மொத்தமாகச் சுவரை நோக்கியோ மையத்தை நோக்கியோ போவதில்லை. ஆகவே V சுழியம். u′, v′ இரண்டின் சராசரியும் சுழியம்தான், ஏனென்றால் அப்படி வரும்படிதான் பிரித்திருக்கிறோம்.

இப்போது நேவியர்–ஸ்டோக்ஸ் சமன்பாட்டுக்குள் இதைப் போட்டு, முழுச் சமன்பாட்டுக்கும் சராசரி எடுக்கிறோம். அழுத்தத்தைக் குறிக்கும் உறுப்பில் சராசரி அழுத்தம் மட்டும் நிற்கிறது. பாகுநிலை உறுப்பிலும் அப்படியே: திசைவேகம் அங்கே தனியாக வருவதால் u′ வந்த சுவடின்றிப் போய்விடுகிறது. இத்தோடு முடிந்திருந்தால் கொந்தளிப்பு ஓட்டமும் ஒழுங்கான ஓட்டமும் ஒரே சமன்பாட்டுக்கு அடங்கியிருக்கும். நம் குழாய்க்கு 3 செ.மீ. போதுமாக இருந்திருக்கும்.

ஆனால் திசைவேகம் திசைவேகத்தாலேயே பெருக்கப்படும் உறுப்பு ஒன்று அங்கே இருக்கிறது. ஓடும் நீர் தன் உந்தத்தைத் தானே சுமந்து செல்கிறது அல்லவா? ஒரு கன மீட்டர் நீரிடம் நீளவாக்கில் ρu அளவு உந்தம் உண்டு (ρ என்பது அடர்த்தி). அந்த நீர் v வேகத்தில் குறுக்கே நகர்ந்தால், நொடிக்கு ஒரு சதுர மீட்டர் வழியாக ρuv அளவு உந்தம் குறுக்கே கடக்கிறது. இந்தப் பெருக்கலை விரித்தால்,

uv = UV + Uv′ + u′V + u′v′

சராசரி எடுக்கும்போது நடுவில் உள்ள இரண்டும் மறைகின்றன. மாறாத எண்ணால் பெருக்கப்பட்ட விலகலின் சராசரி சுழியமே. கடைசி உறுப்பு மறைய வேண்டிய கட்டாயமில்லை. இரண்டு விலகல்களும் தனித்தனியே சுழியச் சராசரி கொண்டவைதான். அவற்றின் பெருக்கற்பலனுக்கு அந்த விதி கிடையாது.

எண்களை வைத்துப் பார்த்தால் இது கைக்குப் பிடிபடும். நம் புள்ளியில் ஆறு கணங்களில் u இப்படி இருந்ததாகக் கொள்வோம் (நொடிக்கு செ.மீ. கணக்கில்): 117, 103, 114, 102, 114, 104. அதே கணங்களில் v: −5, +4, −2, +4, +3, −4. u-வின் சராசரி 109. விலகல்கள்: +8, −6, +5, −7, +5, −5. கூட்டினால் சுழியம். v-யைக் கூட்டினாலும் சுழியம். இனி ஜோடி ஜோடியாகப் பெருக்குவோம்: −40, −24, −10, −28, +15, +20. மொத்தம் −67, ஆறால் வகுத்தால் சுமார் −11.2. சதுர மீட்டர் அலகுக்கு மாற்றி, தண்ணீரின் அடர்த்தியான 1000ஆல் பெருக்கினால் சதுர மீட்டருக்கு 1.12 நியூட்டன், அதாவது 1.12 பாஸ்கல்.

குறி ஏன் எதிர்மறையாக வந்தது என்பதில்தான் இயற்பியல் இருக்கிறது. முதல் கணத்தில் நீர் சராசரியைவிட வேகமாக ஓடியது, அதே நேரம் சுவரை நோக்கி இறங்கியது. மையத்தருகே வேகம் அதிகம். அங்கிருந்து வரும் நீர், வந்து சேரும் இடத்தில் வேக மிகுதியோடுதான் வந்திறங்கும். இரண்டாவது கணத்தில் சுவரருகேயிருந்த மெதுவான நீர் மையத்தை நோக்கி எழுந்தது. இரண்டும் எதிரெதிர் நகர்வுகள், ஆனால் விளைவு ஒன்றே: உந்தம் சுவரின் பக்கம் கடத்தப்படுகிறது. கடைசி இரண்டு கணங்கள் இதற்கு மாறாக நடந்தன. கலங்கிய ஓட்டத்தில் அப்படிப்பட்ட கணங்கள் நிறைய உண்டு. பெரும்பான்மை எந்தப் பக்கம் என்பதைத்தான் சராசரி சொல்கிறது.

தட்டையான இரு சுவர்களுக்கு இடையே சீராக ஓடும் ஓட்டத்துக்குச் சராசரிச் சமன்பாட்டை எழுதினால் இப்படி வரும் (குழாய்க்கு ஆரத்தைச் சேர்த்து எழுத வேண்டும், பொருள் மாறாது):

0 = −dP/dx + d/dy ( μ dU/dy − ρ⟨u′v′⟩ )

⟨ ⟩ என்பது சராசரியைக் குறிக்கிறது, μ பாகுநிலை. அடைப்புக்குள் பாருங்கள். இடப்பக்கம் உந்தச் சுமையாக இருந்த உறுப்பு, வலப்பக்கம் வந்து பாகுநிலைத் தகைவின் அருகில், அதே அலகோடு, அதே வேலையைச் செய்துகொண்டு நிற்கிறது. ஆகவே −ρ⟨u′v′⟩ என்பதற்கு ரெனால்ட்ஸ் தகைவு என்று பெயர். புதிய விசை எதுவும் இயற்கையில் முளைத்துவிடவில்லை. முழுச் சமன்பாட்டில் அது உந்தத்தின் இடமாற்றம். நாம் சராசரியை மட்டும் பார்ப்பதால் தகைவாகத் தெரிகிறது. இன்னொன்றும் கவனிக்கத்தக்கது. தகைவு இடத்துக்கு இடம் மாறும்போதுதான் ஓட்டத்தின்மேல் விசை உண்டாகிறது. எங்கும் ஒரே அளவாக இருந்தால் சராசரி ஓட்டத்துக்கு அது இருப்பதே தெரியாது.

மொத்தத் தகைவு குழாயில் நேர்கோடாக மாறுகிறது: மையத்தில் சுழியம், சுவரில் உச்சம். நம் குழாயில் சுவரின் உச்சம் சுமார் 2.25 பாஸ்கல், ஆகவே பாதி ஆரத்தில் 1.125. அந்த இடத்தில் சராசரி வேகத்தின் சரிவு நொடிக்கு ஏறத்தாழ 4.7தான். தண்ணீரின் பாகுநிலையான 0.001ஆல் பெருக்கினால் பாகுநிலையின் பங்கு 0.005 பாஸ்கல்கூட இல்லை. மீதி முழுவதையும் ஏற்ற இறக்கங்களே சுமக்கின்றன.

சுவரில் கதை தலைகீழ். அங்கே u, v இரண்டும் சுழியம், ரெனால்ட்ஸ் தகைவும் சுழியம். சுவர் உணரும் இழுவை முழுக்க முழுக்கப் பாகுநிலையால் வருவது. பின் கொந்தளிப்பு என்னதான் செய்தது? வேகமான நீரைச் சுவருக்கு மிக அருகே கொண்டுவந்து கொட்டிவிட்டது. ஒழுங்கான ஓட்டத்தில் சுவரில் வேகத்தின் சரிவு நொடிக்கு 80, கொந்தளிப்பில் 2250. அந்த 28 மடங்கு இங்கேதான் சுவரைத் தொடுகிறது. இரண்டு தகைவுகளும் சமமாகும் இடம் சுவரிலிருந்து கால் மில்லிமீட்டர் தொலைவில் இருக்கிறது. 5 செ.மீ. ஆரமுள்ள குழாயில் பாகுநிலையின் ஆட்சி அவ்வளவு மெல்லிய ஏட்டுக்குள் அடங்கிவிடுகிறது.

இந்தத் தகைவை அளப்பது எளிதன்று. காற்றில் என்றால் குறுக்காக வைத்த இரண்டு சூடான நுண்கம்பிகளும், தண்ணீரில் என்றால் பெரும்பாலும் லேசர் கற்றைகளும் u, v இரண்டையும் ஒரே கணத்தில் தருகின்றன. ஆறு அளவீடுகள் விளக்கத்துக்குப் போதும், ஆய்வுக்குப் போதா. பெருக்கற்பலன் மிகப் பலமாகச் சிதறுவதால், 1 சதவீதத் துல்லியத்துக்கு ஒன்றையொன்று சாராத அளவீடுகள் 60,000 வரை தேவைப்படும் என்று என் கணக்கு சொல்கிறது. கருவி ஒரே ஒரு பாகை சாய்ந்திருந்தாலும் நீளவாக்கு ஏற்ற இறக்கத்தில் ஒரு துளி குறுக்குத் திசையில் கலந்து, நம் எண்களில் தகைவை 3 முதல் 4 சதவீதம் கெடுத்துவிடும். சாய்வைக் கண்டுபிடிக்க வழி உண்டு: சுழியமாக இருக்க வேண்டிய சராசரி v, நொடிக்கு 2 செ.மீ. என்று காட்டும். மொத்தத்தையும் சரிபார்க்க அந்த நேர்கோடு இருக்கிறது. அழுத்த இழப்பை மட்டும் அளந்தே அந்தக் கோட்டை வரைந்துவிடலாம். இரு தகைவுகளின் கூட்டுத்தொகை அதன்மேல் விழவில்லை என்றால் அளவீட்டில் பிழை இருக்கிறது.

அளக்காமல் கணிக்க முயன்றால் வேறொரு சிக்கல். U-வைக் காண ⟨u′v′⟩ வேண்டும். அதற்கென்று தனிச் சமன்பாடு எழுதினால் மூன்று விலகல்களின் பெருக்கற்பலன் அதில் வந்து நிற்கிறது. அதற்கும் எழுதினால் நான்கு. சங்கிலி முடிவதில்லை. எங்கோ ஓரிடத்தில் ஊகத்தைப் போட்டு வெட்ட வேண்டும். ரெனால்ட்ஸின் கட்டுரைக்கு முன்பே, 1877இல், பிரான்சின் ஜோசப் பூசினெஸ்க் ஓர் ஊகத்தை வைத்திருந்தார்: கொந்தளிப்புத் தகைவும் சராசரி வேகச் சரிவுக்கு விகிதமாக இருக்கும், பெருக்கும் எண் மட்டும் வேறு. அந்த எண்ணைச் சுழிப் பாகுநிலை என்கிறோம். நம் புள்ளியில் 1.12ஐ 4.7ஆல் வகுத்தால் 0.24 வருகிறது, தண்ணீரின் பாகுநிலையைப் போல் ஏறத்தாழ 240 மடங்கு. ஆனால் இது தண்ணீரின் பண்பு அன்று. அதே தண்ணீரில், சுவரை நோக்கிச் சில மில்லிமீட்டர் நகர்ந்தாலே எண் மாறிவிடும்.

பொறியியல் கணிப்புகளில் பெரும்பகுதி இன்றும் இந்த ஊகத்தின் மேல்தான் ஓடுகிறது. குழாய் போன்ற சமச்சீரான ஓட்டங்களில் நன்றாகவே உழைக்கிறது. அது உடையும் இடத்தை 1972இல் ஹஞ்சாலிச்சும் லாண்டரும் தெளிவாகக் காட்டினார்கள். ஒரு சுவர் வழவழப்பாகவும் எதிர்ச்சுவர் சொரசொரப்பாகவும் உள்ள பாதையில் அவர்கள் அளந்தார்கள். சராசரி வேகம் உச்சம் தொடும் இடத்தில் சரிவு சுழியம். பூசினெஸ்க் ஊகப்படி தகைவும் அங்கே சுழியமாக வேண்டும். அளவீட்டில் தகைவு அங்கே சுழியமாக இல்லை. சற்று விலகி, வழவழப்பான சுவரின் பக்கம்தான் சுழியமானது. சொரசொரப்பான சுவரிலிருந்து எழும் பலமான ஏற்ற இறக்கங்கள் வேக உச்சத்தைத் தாண்டியும் உந்தத்தைச் சுமக்கின்றன. அந்த இரண்டு இடங்களுக்கும் நடுவே சுழிப் பாகுநிலையைக் கணக்கிட்டால் எதிர்மறை எண் வரும். அத்தகைய ஓட்டங்களுக்குச் சரிவை நம்பாமல், ஒவ்வொரு ரெனால்ட்ஸ் தகைவுக்கும் தனித்தனியே கடத்தல் சமன்பாடு எழுதித் தீர்க்கிறார்கள். முப்பரிமாணத்தில் அப்படிப்பட்ட தகைவுகள் ஆறு.